சிறிய அறையை அமுக்காத வால்பேப்பர் நிறம்: சென்னை ஃபிளாட்டுக்கு ஒரு படிப்படியான வழிகாட்டி

பத்துக்குப் பத்து அடி படுக்கையறைக்கு வால்பேப்பர் ஒட்டப்போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் முதல் அறிவுரை, "வெளிர் நிறமாகப் பார்த்து வாங்குங்கள்" என்பதுதான். அது பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் நம்பிக் கடைக்குப் போகிறவர்கள், வெள்ளைப் பின்னணியில் கரும்பச்சை இலைகள் படர்ந்த டிசைனை "வெளிர் நிறம்" என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். ஒட்டி முடித்தபின் சுவர் இரண்டடி முன்னால் நகர்ந்து வந்ததுபோல் இருக்கிறது. சிறிய அறையை அமுக்குவது பெரும்பாலும் பின்னணியின் நிறம் அல்ல. பின்னணிக்கும் அதன்மேல் இருக்கும் பூ, இலை, கோடு போன்ற உருவங்களுக்கும் நடுவே உள்ள ஒளி வேறுபாடுதான். இதைக் கணிக்கத் தெரிந்துகொண்டால் போதும், அடர்ந்த நிறத்தைக்கூடச் சிறிய அறைக்குள் துணிந்து கொண்டுவரலாம்.

நங்கநல்லூர் ஃபிளாட்டில் அம்மாவின் அறைக்கு வால்பேப்பர் ஒட்டியபோது இதையெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. கடைக்காரர்கள் கேட்லாக்கைப் பிரித்துக் காட்டுவார்களே தவிர, உங்கள் அறைக்குள் எந்த வெளிச்சம் விழுகிறது என்று கேட்க மாட்டார்கள். ஒட்டுபவர் ரோல் எத்தனை என்று சொல்வார், நிறத்தைப் பற்றிச் சொல்ல மாட்டார். ஆகவே வரிசையாக எழுதுகிறேன். அந்த அறையையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். வால்பேப்பர் ஒட்டிய சுவர் பத்து அடி அகலம், ஒன்பதரை அடி உயரம். கிழக்கே ஒரு ஜன்னல், அதற்கு வெளியே சில அடிகள் தள்ளிப் பக்கத்து வீட்டின் ஆரஞ்சு நிறச் சுவர். மேற்கே அடர் பழுப்பு லேமினேட் ஒட்டிய அலமாரி. தரையில் தந்த நிற டைல்ஸ். சென்னையில் இதே அமைப்பில் ஆயிரக்கணக்கான அறைகள் இருக்கின்றன.

1. முதலில் சுவரை முடிவு செய்யுங்கள், நிறத்தை அல்ல

சிறிய அறையில் நான்கு சுவர்களிலும் டிசைன் வேண்டாம். இதற்குக் காரணம் உண்டு. எதிரெதிர்ச் சுவர்கள் நெருங்கி இருக்கும்போது வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு இன்னொன்றுக்குப் போய் மீண்டும் திரும்பி வருகிறது. ஒவ்வொரு முறை படும்போதும் அந்தச் சுவரின் நிறத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. அதனால் நான்கு சுவரும் ஒரே நிறமாக இருந்தால், கேட்லாக்கில் பார்த்ததைவிட அந்த நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரியும். கூரையின் வெள்ளைகூட அந்தச் சாயலுக்கு மாறிவிடும். ஒரு சுவர் போதும்.

எந்தச் சுவர்? நம் வீடுகளில் இதற்கு விடை பாதி தயாராகவே இருக்கிறது. வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பதால் கட்டிலின் தலைமாடு தெற்கிலோ கிழக்கிலோதான் இருக்கும். தலைமாட்டுச் சுவர் நல்ல தேர்வு, ஏனென்றால் படுத்திருக்கும்போது அது கண்ணில் படாது, அறைக்குள் நுழையும்போது மட்டும் படும். அம்மாவின் அறையில் தெற்குச் சுவர்தான் தலைமாடு. வடக்கே இருக்கும் கதவைத் திறந்ததும் நேர் எதிரே தெரிவதும் அதுவே.

தவிர்க்க வேண்டிய சுவர்கள் இரண்டு. ஜன்னல் இருக்கும் சுவர் வேண்டாம். ஜன்னலின் கூசும் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் எந்த நிறமும் உள்ளதைவிட இருண்டு தெரியும். ஓதம் ஏறிய சுவரும் வேண்டாம். வெளிர் பின்னணியில் ஓதம் பழுப்பு வளையமாக வெளியே வரும், அதைத் துடைத்து எடுக்க முடியாது. சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, பெயிண்ட் கொப்பளித்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவரைத் தொட்ட பக்கம், நீர் முத்துக்கள் இருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள். வெளிப்புறத்தில் மட்டும் ஈரம் இருந்தால் அது அறைக் காற்றின் புழுக்கம்.

2. உங்கள் அறைக்குள் வரும் வெளிச்சத்துக்கு என்ன நிறம் என்று பாருங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. செய்தால் பாதிக் கேட்லாக்கைத் திறக்காமலேயே மூடிவிடலாம்.

சென்னை அடுக்குமாடிகளில் பல ஜன்னல்கள் வானத்தைப் பார்ப்பதில்லை, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கின்றன. அப்போது உள்ளே வருவது வெயில் அல்ல, அந்தச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம். அந்தச் சுவரின் நிறம் உங்கள் அறைக்குள் நுழைந்துவிடுகிறது. பார்ப்பது எளிது. வால்பேப்பர் வரப்போகும் சுவரில் ஒரு வெள்ளை ஏ4 தாளை ஒட்டுங்கள். காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும், விளக்குகளை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் பிடித்த இன்னொரு வெள்ளைத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுவரில் இருக்கும் தாள் மஞ்சளாகவோ பச்சையாகவோ நீலமாகவோ சாய்ந்து தெரிந்தால், அதுதான் உங்கள் அறை வெளிச்சத்தின் நிறம். இதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். கைப்பேசி கேமரா வெளிச்சத்தின் சாயலைத் தானே திருத்திவிடும் என்பதால் புகைப்படத்தில் அது தெரியாது.

அம்மாவின் அறையில் காலையில் தாள் லேசான பீச் நிறத்தில் இருந்தது. காரணம் பக்கத்து ஆரஞ்சுச் சுவர். இப்படிப்பட்ட அறையில் சந்தனம், கிரீம், இளமஞ்சள் பின்னணிகள் மங்கலான மஞ்சளாகக் கனத்துவிடும். சாம்பல் கலந்த பச்சையோ சாம்பல் கலந்த நீலமோ அந்த ஆரஞ்சைத் தணித்து நடுநிலைக்கு வரும். வேப்பமரமோ வாழையோ ஜன்னலை ஒட்டி நின்றால் இதற்கு நேர்மாறு: பச்சை வெளிச்சம் வருகிறது, அங்கே பச்சை வால்பேப்பர் பாசி பிடித்ததுபோல் இருக்கும். வெதுவெதுப்பான மணல் நிறம் எடுப்பாக இருக்கும். மேற்கு ஜன்னல் என்றால் பிற்பகல் வெயில் நேராக உள்ளே வரும். அங்கே கவலை வேறு, நிறம் வெளுப்பது. ரோலின் லேபிளில் சூரியன் படம் இருக்கும். முழுச் சூரியன் வெளுக்காத தன்மை நன்றாக இருக்கிறது என்பதையும், பாதிச் சூரியன் ஓரளவு இருக்கிறது என்பதையும் குறிக்கும். மேற்கு வெயில் படும் சுவருக்கு முழுச் சூரியன் இல்லாததை எடுக்காதீர்கள்.

இரவு வெளிச்சத்தையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். எல்.இ.டி. விளக்கின் பெட்டியில் கெல்வின் எண் இருக்கும். 6500 என்றால் நீலம் சாய்ந்த வெள்ளை, 4000 நடுநிலை, 3000 மஞ்சள். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 தான் எரிகிறது. அதன்கீழ் சாம்பல் நிறங்கள் எல்லாம் குளிர்ந்து நீலம் பாரிக்கும். இரவில்தான் அந்த அறையை அதிகம் பயன்படுத்துவீர்கள் என்றால், 4000 கெல்வின் விளக்குக்கு மாறிவிட்டு அதன்கீழ் வால்பேப்பரைத் தேர்வு செய்யுங்கள். வால்பேப்பரை மாற்றுவதைவிட விளக்கை மாற்றுவது மிக மிகச் சிறிய செலவு.

3. கடையில்: பின்னணியையும் உருவத்தையும் கறுப்பு வெள்ளையில் பாருங்கள்

பெரியமேடு பக்கத்துக் கடைகளுக்குப் போனாலும், உங்கள் வீட்டருகே இருக்கும் பெயிண்ட் கடைக்குப் போனாலும், முன்னால் பத்துக் கேட்லாக்கை அடுக்கிவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் ஐம்பது பக்கம். இருபதாவது பக்கத்துக்குமேல் கண் எதையும் ஒப்பிடாது. அதனால் இப்படிச் செய்யுங்கள்.

பிடித்த பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். எல்லாக் கைப்பேசியிலும் படத்தைத் திருத்தும் பகுதியில் அந்த வசதி இருக்கிறது. நிறம் போய்விட்டால் மிச்சம் இருப்பது ஒளி அளவு மட்டும். இப்போது மூன்றில் ஒன்று தெரியும். முதலாவது, உருவமும் பின்னணியும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகக் கலந்துவிடும். இது மிக அமைதியான டிசைன், ஆனால் வாசலில் நின்று பார்த்தால் வெறும் சுவர்போல இருக்கலாம். இரண்டாவது, உருவம் தெரிகிறது, ஆனால் அதன் விளிம்பு உறுத்தாது. சிறிய அறைக்கு உங்களுக்கு வேண்டியது இதுதான். மூன்றாவது, வெள்ளைமேல் கறுப்பாக உருவம் வெட்டித் தெரியும். பத்தடி அறையில் இது கண்ணை விடாது.

அம்மாவின் அறைக்குக் கடைசிவரை வந்தவை மூன்று. ஒன்று, வெள்ளைப் பின்னணியில் கரும்பச்சை வாழையிலைகள். இரண்டாவது, சந்தனப் பின்னணியில் பொன்னிறக் கொடி வேலைப்பாடு. மூன்றாவது, சாம்பல் கலந்த இளம்பச்சைப் பின்னணியில் அதே குடும்பத்தில் ஒரு படி அடர்ந்த இலைகள், இலை நரம்பு மட்டும் மெல்லிய வெள்ளைக்கோடு. நிறத்தில் பார்த்தால் மூன்றாவதுதான் இருண்டது, முதலாவதுதான் வெளிச்சமானது. கறுப்பு வெள்ளையில் முதலாவது சதுரங்கப் பலகைபோல் பிளந்து நின்றது, மூன்றாவதில் இலைகள் விளிம்பு உறுத்தாமல் மென்மையாகத் தெரிந்தன. கண் ஒரு சுவரில் தங்குவதும் நழுவிப்போவதும் இந்த விளிம்புகளால்தான் நடக்கிறது. விளிம்பு கூர்மையாக இருந்தால் சுவர் "இங்கே இருக்கிறேன்" என்று தன் தூரத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். விளிம்பு மென்மையாக இருந்தால் சுவர் எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்கு அவ்வளவு அழுத்தமாகப் படாது. பின்னணி கொஞ்சம் அடர்ந்திருந்தாலும் அறை விசாலமாகத் தோன்றுவது அதனால்தான்.

இந்தச் சோதனை தோற்கும் இடங்கள் இரண்டு உண்டு, அவற்றில் ஏமாந்துவிடக் கூடாது.

ஒன்று, செறிவான எதிர் நிறங்கள். அரக்குச் சிவப்பும் கிளிப்பச்சையும், அல்லது ஆரஞ்சும் மயில் நீலமும் ஒரே ஒளி அளவில் இருந்தால் கறுப்பு வெள்ளையில் ஒன்றாகக் கலந்து "அமைதி" என்று காட்டும். சுவரிலோ இரண்டும் சேரும் விளிம்பு அதிர்வதுபோல் துடிக்கும். ஆகவே கறுப்பு வெள்ளையில் தேறிய டிசைனை மறுபடி நிறத்தில் பார்த்து, உருவமும் பின்னணியும் ஒரே குடும்பமா என்று உறுதி செய்யுங்கள். குடும்பம் வேறாக இருந்தால் இரண்டில் ஒன்றாவது சாம்பல் கலந்து தணிந்திருக்க வேண்டும்.

இரண்டு, பொன்னிறம், வெள்ளி, முத்துப் பளபளப்பு. நம் கடைகளில் இவை நிறைய இருக்கின்றன, விற்பவர்களும் முதலில் இவற்றைத்தான் காட்டுவார்கள். பளபளப்பின் ஒளி அளவு நிலையானது அல்ல. பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப ஒருமுறை பின்னணியைவிட வெளிச்சமாகவும் மறுமுறை இருண்டும் தெரியும். கேட்லாக்கைப் படுக்கை வாக்கில் வைத்துப் பார்க்காமல் நிமிர்த்திச் சுவர்போல் பிடித்து, இடம், நேர், வலம் என்று மூன்று கோணத்தில் படம் எடுங்கள். மூன்றில் ஒன்றிலாவது உருவம் வெட்டித் தெரிந்தால் சிறிய அறைக்கு வேண்டாம். சந்தன நிற டிசைன் நேராகப் பார்க்க மென்மையாக இருந்தது. கதவிலிருந்து பார்க்கும் கோணத்துக்குச் சாய்த்ததும் பொன் கொடிகள் அத்தனையும் மின்னின. எதிர்ச் சுவரில் டியூப் லைட் இருக்கும் அறையில் அது ஓயாத கூச்சம். ஜன்னலின் ஆரஞ்சு வெளிச்சத்துக்கும் சந்தனம் ஒத்துவராது என்று இரண்டாம் படியிலேயே தெரிந்துவிட்டதால், அது அங்கேயே கழிந்தது.

4. ஏழு அடி தள்ளி நின்று பாருங்கள்

கேட்லாக்கை நாம் ஒன்றரை அடித் தூரத்தில் பார்க்கிறோம். பத்தடி அறையில் சுவரை ஆறேழு அடியிலிருந்து பார்ப்போம். கடை உதவியாளரைப் பக்கத்தைப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஏழு அடி பின்னால் போங்கள். அங்கே மெல்லிய கோடுகளும் சின்னப் புள்ளிகளும் தனித்தனியாகத் தெரியாமல் பின்னணியோடு கலந்து ஒரு புது நிறமாகும். வெள்ளையில் நெருக்கமான கறுப்புக் கோடு போட்டது அங்கிருந்து சாம்பல் சுவர்தான். சில டிசைன்கள் முழுதாகக் கலக்கவும் செய்யாது, தெளிவாகத் தெரியவும் செய்யாது. கண் குவிய முடியாமல் கூசும். உங்களுக்கு ஏழடியில் அப்படித் தோன்றினால் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

"சிறிய அறைக்குச் சிறிய பூ" என்பதை நான் ஏற்பதில்லை. சின்னப் பூ என்றால் அதே சுவரில் நூற்றுக்கணக்கான விளிம்புகள் வரும். ஒளி வேறுபாடு குறைவாக இருக்கும்வரை ஒரு அடி நீள இலைகூடச் சின்ன அறையில் அமைதியாகவே இருக்கும்.

5. மாதிரியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்

துணிக்கடையில் புடவையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை, இதற்கும் அந்த நிதானம் வேண்டும். கடைகளில் 6500 கெல்வின் விளக்குகள் பகலிலும் எரிகின்றன. அங்கே பார்த்த நிறம் உங்கள் அறையில் இருக்காது. சில கடைகள் முன்பணம் வாங்கிக்கொண்டு கேட்லாக்கை ஒரு நாள் தருவார்கள், சிலர் துண்டு வெட்டித் தருவார்கள். கேட்டால்தான் தருவார்கள். இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாத கடையில் நான் வாங்கவில்லை.

கேட்லாக் பக்கத்தில் வெள்ளை ஓரம் இருந்தால் அதை வெள்ளைத் தாளால் அல்ல, உங்கள் சுவரின் நிறத்தில் உள்ள ஏதாவது ஒரு தாளால் மறையுங்கள். பளீர் வெள்ளைக்குப் பக்கத்தில் எந்த நிறமும் இருண்டு தோன்றும். தலைமாட்டு உயரத்தில் சுவரில் ஒட்டி, காலை, நண்பகல், இரவு விளக்கு என்று மூன்று வேளையும் கதவருகே நின்று பாருங்கள். பிறகு அலமாரிக்குப் பக்கத்திலும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். அடர் பழுப்பு அலமாரி பெரிய கருமைக் கட்டி. அதன் அருகே வெண்மையான டிசைன் இன்னும் வெளிறி, அலமாரியை இன்னும் கறுப்பாக்கும். அம்மாவின் அறையில் சாம்பல் பச்சை, வெள்ளைச் சுவருக்கும் அலமாரிக்கும் நடுப்படியாக அமைந்து இரண்டையும் இணைத்தது.

ஒன்றை மறக்காதீர்கள்: சின்னத் துண்டில் தெரிவதைவிடத் தொண்ணூற்றைந்து சதுர அடிச் சுவரில் நிறம் செறிவாகத் தெரியும். இரண்டு நிறங்களுக்கு நடுவே தடுமாறினால், துண்டாகப் பார்க்கையில் கொஞ்சம் சோர்வாக, சாம்பல் கூடுதலாகத் தெரிவதை எடுங்கள்.

6. மற்ற மூன்று சுவர்களுக்குப் பெயிண்ட்

டிசைன் உறுதியானதும், வால்பேப்பர் ஒட்டுவதற்கு முன்பு, மற்றச் சுவர்களுக்குப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். பிறகு அடித்தால் பெயிண்ட் துளி வால்பேப்பரில் படும்.

எந்த நிறம் என்பதற்கு, உருவங்கள் இடைவெளி விட்டு இருந்தால் பின்னணியின் நிறத்தைப் பாருங்கள், நெருக்கமாக இருந்தால் கலவையின் நிறத்தைப் பாருங்கள். டிசைனின் புகைப்படத்தைத் திரையில் கட்டை விரல் நகம் அளவுக்குச் சுருக்கினால் கலவை நிறம் தெரியும். பெயிண்ட் ஷேட் கார்டில் அதே குடும்பத்தில் இரண்டு மூன்று படி வெளிறியதை எடுங்கள். சுத்தமான பளீர் வெள்ளை வேண்டாம். சுவரின் மூலையில் வெள்ளை வந்து முட்டினால், டிசைனுக்குள் நீங்கள் தவிர்த்த அந்தக் கூர்மையான விளிம்பு மூலையில் ஒன்பதரை அடி நீளத்துக்கு வந்து நிற்கும். கூரை மட்டும் வெள்ளையாக இருக்கட்டும்.

7. ரோல் கணக்கு, செலவு, பில்

நம் ஊரில் அதிகம் கிடைக்கும் ரோல் 53 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளம். கடையில் இதை 57 சதுர அடி என்பார்கள். கொரிய ரோல் என்றால் அகலமும் நீளமும் கூடுதல், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சதுர அடியை வகுத்து ரோல் சொல்பவரை நம்பாதீர்கள். ரோலைச் சுவர் உயரத்துக்கு வெட்டிய ஒவ்வொரு நீளத் துண்டும் ஒரு பட்டை. பட்டைக் கணக்கு போடுங்கள்.

பத்தடிச் சுவர் 305 செ.மீ. அதை 53ஆல் வகுத்தால் ஆறு பட்டை. உயரம் 290 செ.மீ., மேலும் கீழும் வெட்டிச் சீர்செய்ய ஐந்தைந்து சேர்த்து 300. டிசைன் பொருத்தமே தேவையில்லாத வகை என்றால் ஒரு ரோலில் மூன்று பட்டை, ஆக இரண்டு ரோல். நாங்கள் எடுத்த டிசைனில் உருவம் 64 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருகிறது. அதோடு பக்கத்துப் பட்டையில் அது பாதி, அதாவது 32 செ.மீ., இறங்கி வருகிறது. லேபிளில் இரண்டு அம்புகள் ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாக விலகி இருந்தால் அது இந்த வகை. நிறத்தை அமைதியாக வைக்க இது நல்ல வகைதான். ஒரே மட்டத்தில் உருவங்கள் வரிசை கட்டி நின்று சுவரில் படுக்கைக் கோடு போடாது. ஆனால் வெட்டுவதில் கவனம் வேண்டும். ஒரே ரோலிலிருந்து அடுத்தடுத்து வெட்டினால் இரண்டாவது பட்டை 352 செ.மீ.யில் தொடங்கும், மூன்றாவது 704இல் தொடங்கி 1004இல் முடியும். ரோலில் இருப்பதோ 1000. நான்கு செ.மீ. குறைவதால் மூன்றாவது ரோல் கேட்பார்கள். இரண்டு ரோலையும் பிரித்து வைத்துக்கொண்டு, ஒற்றைப்படைப் பட்டைகளை ஒன்றிலிருந்தும், இரட்டைப்படைப் பட்டைகளை முதலில் 32 செ.மீ. வெட்டித் தள்ளிய மற்றதிலிருந்தும் எடுத்தால், இரண்டு ரோலே போதும். ஒட்டுபவரிடம் இதை வெட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

விலை நான் விசாரித்தபோது ரோலுக்கு 1,500 ரூபாயில் தொடங்கி 4,500 வரை இருந்தது. எங்கள் செலவு இது: ரோல் 2,400 வீதம் இரண்டுக்கு 4,800. ஒட்டுக் கூலி ரோலுக்கு 500 வீதம் 1,000. பசைக்கும் பிரைமருக்கும் 700. மொத்தம் 6,500 ரூபாய். பெயிண்ட் தனி. முன்பணம் கொடுக்கும் முன் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, பசையும் பிரைமரும் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். பழைய பெயிண்ட் உரிந்து பட்டி பார்க்க வேண்டியிருந்தால் அது தனிக் கூலி.

பில்லில் டிசைன் எண்ணோடு பேட்ச் எண்ணும் இருக்க வேண்டும். ஒரே டிசைன் எண்ணாக இருந்தும் பேட்ச் வேறானால் நிறத்தில் நூலிழை வேறுபாடு வரும். துண்டாகப் பார்த்தால் தெரியாது, சுவரில் இரண்டு பட்டை அருகருகே வந்ததும் தெரிந்துவிடும். ஒளி வேறுபாடு குறைந்த மென்மையான டிசைனில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும், ஏனென்றால் கண்ணை இழுக்க வேறு எதுவும் இல்லை. ரோல் வந்ததும் பிரிப்பதற்கு முன்பே லேபிள்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரித்த ரோலைத் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

லேபிளில் அலைக்கோடுகளும் இருக்கும். ஒரு அலை ஈரத்துணியால் ஒற்றலாம், இரண்டு என்றால் கழுவலாம், மூன்று என்றால் நன்றாகவே கழுவலாம். தலைமாட்டுச் சுவர் என்றால் இரண்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். தலையில் எண்ணெய் வைக்கும் வீடுகளில் தலையணைக்குமேல் ஓரிரு அடிக்கு எண்ணெய்க் கறை ஏறும். வெறும் வெளிர் பின்னணி அதிகமாக இருக்கும் டிசைனில் அது சீக்கிரம் தெரியும். கட்டிலின் தலைப்பலகை மூன்றடிக்குமேல் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். காலி செய்யும்போது உரித்துப் பெயிண்ட் அடித்துத் தர வேண்டுமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் முன்பணத்தில் பிடிப்பது இதற்காகத்தான்.

8. எப்போது ஒட்டுவது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒட்டாதீர்கள். அந்த மழைக்காலத்தைச் சுவரைக் கவனிக்கப் பயன்படுத்துங்கள். எந்தச் சுவர் டிசம்பரில் ஈரம் காட்டவில்லையோ அது நம்பகமான சுவர். பொங்கலுக்குப் பிறகு ஒட்டினால் பசை நன்றாகக் காயும். டிசம்பர் மாதத்திலேயே மாதிரி பார்த்து டிசைனை முடித்துவிட்டால், கடையில் இருப்பு இல்லாத ரோல் வரவழைக்கவும் நேரம் கிடைக்கும்.

ஒட்டும் நாளில் மூன்று பட்டை முடிந்ததும் வேலையை நிறுத்தச் சொல்லிக் கதவருகே நின்று பாருங்கள். பட்டைகள் சேரும் இடத்தில் நிறம் மாறித் தெரிகிறதா, உருவம் பொருந்துகிறதா என்று பார்க்க அதுதான் சரியான நேரம். மீதி ரோல் அப்போது இன்னும் வெட்டப்படாமல் இருக்கும். நிறம் கொஞ்சம் அடர்ந்து, ஆங்காங்கே திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பசை ஈரத்தில் வால்பேப்பர் இருண்டுதான் இருக்கும். ஆனால் இரண்டு பட்டைகளில் ஒன்று முழுதும் ஒரே சீராக அடர்ந்திருந்தால் அது ஈரம் அல்ல, பேட்ச். லேபிளை எடுத்துப் பாருங்கள்.

முடிந்ததும் ஒரு நாள், ஒன்றரை நாள் ஏ.சி.யும் மின்விசிறியும் வேகமாக ஓட வேண்டாம். வேகமாகக் காய்ந்தால் பட்டைகளின் ஓரம் சுருங்கிப் பிரிந்து, நடுவில் வெள்ளைச் சுவர் மெல்லிய கோடாகத் தெரியும். ஜன்னலையும் மூடியே வையுங்கள். நிறத்தைப் பற்றிய முடிவை இரண்டாம் நாள் காலை, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். மீந்த துண்டை, பில்லோடு சேர்த்துச் சுருட்டி அலமாரியின் மேல்தட்டில் வெயில் படாமல் வைத்துவிடுங்கள். பிறகு எப்போதாவது ஒட்டுப்போட நேர்ந்தால் அதே பேட்ச் கடையில் கிடைக்காது.